வேறொருவருக்குப் போகவேண்டிய செய்தி உங்கள் போனுக்கு வந்தால்: முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு நாள் இரவு ஒன்பதே முக்கால் மணி இருக்கும். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பி.டி.எஃப். வந்தது. அதன் கீழே இரண்டு வரி: “அக்கா, ரிப்போர்ட் வந்துடுச்சு. பாத்துட்டு கூப்பிடு. அம்மாகிட்ட இப்போ எதுவும் சொல்லிடாத.”

நான் யாருக்கும் அக்கா இல்லை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஆண்.

அழித்துவிட்டுப் படுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்தவர் விஷயத்தில் தலையிடாமல் ஒதுங்குவது நாகரிகமாகவும் தெரிகிறது. ஆனால் அனுப்பியவரின் திரையில் அதற்குள் இரண்டு டிக் விழுந்திருக்கும். அவரைப் பொறுத்தவரை அக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா கூப்பிடவில்லை என்றால், பார்த்துவிட்டுப் பேச மனமில்லாமல் இருக்கிறாள் என்றுதான் அந்தப் பெண் நினைப்பாள். வழி தவறிய செய்தியில் நாம் பார்த்துவிட்டோம் என்பது ஒரு பாதிதான். பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை, அது அனுப்பியவருக்குத் தெரியவும் தெரியாது என்பதுதான் பெரிய பாதி. சத்தமில்லாமல் அழித்தால் அந்தப் பெரிய பாதி அப்படியே நின்றுவிடும்.

படி 1: உங்களுக்கு இல்லை என்று தெரியும் அளவுக்கு மட்டும் பாருங்கள்

இதுபோன்ற செய்தியில் உறவுமுறைச் சொல்லே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அக்கா, மாப்ள, டீச்சர், ஓனர் அண்ணா என்று உங்களை யாரும் கூப்பிடாத பெயரில் கூப்பிட்டிருந்தால் அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. கோப்பைத் திறக்கவும் வேண்டாம். ஆனால் பி.டி.எஃப்.-இன் முதல் பக்கத்தை வாட்ஸ்அப் திறக்காமலே சின்னதாகக் காட்டிவிடும். எனக்கும் காட்டியது. ஒரு ஆய்வகத்தின் தலைப்பு, நோயாளியின் பெயர், வயது, அதன் பக்கத்தில் ஒரு கைபேசி எண். அந்த எண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எப்படி இப்படி வழி தவறுகிறது என்று தெரிந்துகொண்டால் பதில் சொல்வது சுலபமாக இருக்கும். பொதுவாக மூன்று விதம். முதலாவது, எண்ணைத் தட்டும்போது ஒரு இலக்கம் மாறிவிடுவது. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே இருப்பது. நடுவில் ஒன்றை மாற்றிப் போட்டால் கணினி கண்டுபிடித்துவிடும். நம் கைபேசி எண்ணில் அப்படி ஒன்று கிடையாது. ஒன்பதுக்குப் பதில் ஆறு என்று அடித்தால் அதுவும் நல்ல எண்தான், யாரோ ஒருவருடைய எண். இரண்டாவது, பெயர்க் குழப்பம். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. போனில் ‘செல்வி அக்கா’, ‘செல்வி டெய்லர்’, ‘செல்வி மாடி வீடு’ என்று அடுத்தடுத்து இருக்கும். விரல் ஒரு வரி கீழே இறங்கினால் போதும். மூன்றாவது, அந்த எண் முன்பு வேறொருவரிடம் இருந்தது. அது தனிக்கதை, கடைசியில் வருகிறேன்.

படி 2: உண்மையிலேயே தவறி வந்ததா, தூண்டிலா?

பதில் போடுவதற்கு முன் இதை யோசித்தாக வேண்டும். ‘தவறி வந்த செய்தி’ என்ற வேடத்தில்தான் இப்போது நிறைய மோசடி தொடங்குகிறது. “சார், நாளைக்கு சைட் பாக்க வர்றீங்கதானே?” என்று வரும். “நான் அவர் இல்லைங்க” என்றால், “ஓ, ஸாரி சார். ஆனா ரொம்ப மரியாதையா பேசறீங்க. எந்த ஊரு?” என்று நீளும். நாலு நாள் குட் மார்னிங், அப்புறம் ஏதோ முதலீடு.

இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் ஒன்று உண்டு. உண்மையாகவே தவறி அனுப்பியவர் ‘ஐயோ, ஸாரி’ என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார். அவருக்கு உங்களிடம் வேலை இல்லை, சரியான ஆளிடம் வேலை இருக்கிறது. தூண்டில் போட்டவருக்கு உங்களிடம்தான் வேலை. அதனால் ஒரு முறை நீங்கள் பதில் சொல்லிவிட்ட பிறகும் பேச்சை வளர்ப்பவரை யோசிக்காமல் பிளாக் செய்யுங்கள்.

கோப்பின் பெயரையும் பாருங்கள். மருத்துவ அறிக்கை, கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது என்று எதுவாக இருந்தாலும் அது பி.டி.எஃப். ஆகவோ படமாகவோ வரும். பெயர் .apk என்று முடிந்தால் அது போனில் ஏறி உட்கார வந்த செயலி. யாருக்கு வந்தது என்ற ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், தொடாமல் அழித்துவிடுங்கள்.

இரண்டு வகைக்கு மட்டும் தனியாக எச்சரிக்கை. ஒன்று ஓ.டி.பி. ஆறு இலக்க எண் ஒன்று உங்களுக்கு வருகிறது, பின்னாலேயே ஒருவர் “என் ஓ.டி.பி. உங்க நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் சொல்லுங்க” என்று கெஞ்சுகிறார். அது அநேகமாக உங்கள் வாட்ஸ்அப் கணக்கையே அவர் போனில் திறப்பதற்கான எண். யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். உண்மையில் தவறுதலாக வந்திருந்தால் அவர் தன் எண்ணைச் சரியாக அடித்துப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம், உங்களுடையது அவருக்குத் தேவையே இல்லை.

இன்னொன்று, “உங்க கணக்குக்குத் தப்பா பணம் போட்டுட்டேன்” என்பது. அவர் அனுப்பிய எஸ்.எம்.எஸ்.ஸை நம்பாமல் உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பணம் வரவில்லை என்றால் கதை முடிந்தது. வந்திருந்தால் அது உங்கள் பணம் இல்லை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி திருப்பித் தரவேண்டியதுதான். ஆனால் அவர் சொல்லும் எண்ணுக்கு நீங்களே அனுப்பாதீர்கள். “உங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள், என் வங்கி கேட்டால் சம்மதிக்கிறேன்” என்று சொல்லுங்கள். உங்கள் வங்கியிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

எனக்கு வந்த செய்தியில் இணைப்பு எதுவும் இல்லை, பணம் கேட்கவில்லை, என்னைப் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை. ஒரு வீட்டின் பதற்றம் மட்டும்தான் இருந்தது.

படி 3: அனுப்பியவருக்குச் சொல்லுங்கள்

முன்பு ஒரு தடவை இப்படி வந்தபோது ‘தவறான எண்’ என்று இரண்டு சொல் மட்டும் அடித்து அனுப்பினேன். எதிர்முனையில் இருந்தவர் அதைத் தன் தம்பி கோபத்தில் எழுதியது என்று எடுத்துக்கொண்டு, ஏழெட்டுச் செய்தி அனுப்பி என்னோடு சண்டை போட்டார். அவருடைய போனில் என் எண் தம்பியின் பெயரில் பதிந்திருந்தது. நான் எதை எழுதினாலும் தம்பி எழுதியதாகத்தானே தெரியும்? அதனால் இந்த முறை இப்படி எழுதினேன்:

“வணக்கம். இது உங்கள் அக்காவின் எண் இல்லை. நான் வேறு ஆள், உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் அனுப்பியது அவருக்குப் போகவில்லை. எண்ணைச் சரிபார்த்து மறுபடி அனுப்புங்கள். இங்கே வந்ததை Delete for everyone கொடுத்து எடுத்துவிடுங்கள். நானும் அழித்துவிடுகிறேன்.”

‘உங்களுக்கு என்னைத் தெரியாது’ என்ற வரி அந்தத் தம்பிச் சண்டை கற்றுக்கொடுத்தது. ‘அவருக்குப் போகவில்லை’ என்பதுதான் அவர் உடனே தெரிந்துகொள்ள வேண்டியது, அதனால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘சீக்கிரம் குணமாக வேண்டுகிறேன்’ என்று எழுதக் கை துடிக்கும். எழுதினால் முழுதும் படித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே உடைந்திருப்பவருக்கு வெட்கமும் சேரும்.

Delete for everyone என்று பெயர் சொல்லியே எழுதுவது நல்லது. பதற்றத்தில் பலர் பக்கத்தில் இருக்கும் Delete for me என்பதைத் தட்டிவிடுகிறார்கள். அப்போது அவர்கள் திரையில் செய்தி மறைந்துவிடும், உங்களிடம் அப்படியே இருக்கும். தட்டியவுடன் சில நொடிக்கு Undo என்று காட்டும். அதைத் தவறவிட்டால் மறுபடி எடுக்க வழியில்லை. எல்லோரிடமிருந்தும் அழிப்பதற்கும் கெடு உண்டு, அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று மேல். எனவே நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

போன் செய்து சொல்லலாமா? ராத்திரி நேரத்தில் முன்பின் தெரியாத ஆண்குரல் என்றால் அந்தப் பெண் பயந்துவிடுவாள். எழுத்தே போதும். அவர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தால் நீங்களும் அப்படியே தட்டுங்கள், சிலருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தடுமாறும். எழுதி ஒரு மணி நேரமாகியும் பார்க்கவில்லை, விஷயமும் அவசரம் என்றால் அப்போது கூப்பிடலாம்.

படி 4: உரியவரை நீங்களே தேடிப் போகாதீர்கள்

உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இடறி விழுவது இங்கேதான். என் கதையில் அந்த அறிக்கையின் மேலேயே ஒரு கைபேசி எண் இருந்தது. பதில் போட்டுப் பத்து நிமிடம் ஆகியும் அந்தப் பெண் பார்க்கவில்லை. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு ‘உங்க ரிப்போர்ட் எனக்கு வந்திருக்கு’ என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கட்டைவிரல் எண்ணின் மேல் இருந்தபோதுதான் ‘அம்மாகிட்ட சொல்லிடாத’ என்ற வரி மறுபடி கண்ணில் பட்டது. விட்டுவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. “ஸாரி சார். அக்கா நம்பர் 9ல முடியும், நான் 6 போட்டுட்டேன். அதுல இருக்கற நம்பருக்கு நீங்க கூப்பிடலையே? அது அம்மா போன்.” இல்லை என்றேன். “தேங்க்ஸ் சார்” என்று வந்தது. பி.டி.எஃப். இருந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி. அதோடு சரி.

செய்திக்குள் இருக்கும் எண், முகவரி, பெயர் இவை யாருக்கு என்ன உறவு என்று நமக்குத் தெரியாது. கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாங்கிய அறிக்கையாக இருக்கலாம், முதலாளிக்குத் தெரியாமல் தேடும் வேலையாக இருக்கலாம். நமக்குத் தெரிந்த ஒரே ஆள் அனுப்பியவர், அவரிடம் மட்டும் பேசினால் போதும். “நீங்களே அக்காவுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுங்க” என்று அவர் கேட்டால்கூட, “நீங்களே அனுப்புவது நல்லது” என்று சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து தன் வீட்டு அறிக்கை வந்தால் எப்படி இருக்கும்?

விதிவிலக்குகள்

உயிர் போகிற விஷயம் என்றால் மேலே சொன்ன ஒதுக்கமெல்லாம் இல்லை. “இதுதான் என் கடைசி மெசேஜ்” என்கிற மாதிரி ஒன்று வந்தால் ‘தவறான எண்’ என்று மட்டும் சொல்லி நகராதீர்கள். உடனே கூப்பிடுங்கள். “நான் வேறு ஆள்தான், ஆனால் இதைப் பார்த்துவிட்டேன், எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா” என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் 112-க்கு அந்த எண்ணைச் சொல்லுங்கள். அவர் பேசத் தயாராக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கொடுக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

மிரட்டலோ குற்றத்தின் தடயமோ வந்தால் அழிக்க வேண்டாம், காவல் நிலையத்தில் காட்டும்வரை வைத்திருங்கள். ஆனால் குழந்தைகளின் ஆபாசப் படம் வந்தால் நிலைமையே வேறு. அதைச் சேமித்து வைப்பதே குற்றம். யாருக்கும், ஆதாரத்துக்கென்றுகூட, ஃபார்வர்ட் செய்யக் கூடாது. உடனே cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள்.

பெரியவர்களின் அந்தரங்கப் படம் தவறி வந்தால் நண்பர்களிடம் ‘இதப் பாரேன்’ என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வந்தது உங்கள் தவறு இல்லை. அங்கிருந்து ஒருவருக்கு அனுப்பினால் அது உங்கள் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது.

படி 5: முழுதாக அழியுங்கள்

அரட்டையில் அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பல போன்களில் படங்கள் தானாக இறங்கி கேலரியில் உட்கார்ந்துவிடும். அனுப்பியவர் தன் பக்கம் அழித்தாலும் கேலரியில் சேர்ந்த படம் சில போன்களில் அங்கேயே தங்கும். எனவே நீங்கள் அழிக்கும்போது, போனில் இருக்கும் கோப்பையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கேலரியில் ஒரு பார்வை. பி.டி.எஃப். என்றால் கோப்புகள் செயலியில் WhatsApp Documents என்ற அடைவைப் பாருங்கள்.

கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் படங்களும் சேமிக்கப்படும்படி வைத்திருந்தால் அங்கேயும் ஒரு பிரதி ஏறியிருக்கும். அதை அழித்தாலும் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், தொட்டியையும் காலி செய்யுங்கள். இதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்று தோன்றலாம். மூன்று மாதம் கழித்து உங்கள் மகள் கேலரியைப் புரட்டும்போது முன்பின் தெரியாத ஒருவரின் ஸ்கேன் படம் வந்து நின்றால் தெரியும்.

வீட்டில் அன்றிரவு என்னவென்று கேட்டார்கள். ‘ராங் நம்பர்’ என்று மட்டும் சொன்னேன். அழிப்பதில் இதுவும் சேர்த்தி.

தெரிந்தவரிடமிருந்து வந்தால், குழுவில் வந்தால்

அடுக்குமாடி வீட்டுக் குழுவில் யாரோ தன் மனைவிக்கு எழுதியதைப் போட்டுவிடுவார். அதற்குக் கீழேயே ‘சார், தப்பா போட்டுட்டீங்க’ என்று பத்துப் பேர் எழுதினால் பார்க்காதவர்களும் மேலே போய்ப் பார்ப்பார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் குழுவின் அட்மினிடம் சொல்லுங்கள், அட்மின் யாருடைய செய்தியையும் எல்லோருக்கும் சேர்த்து நீக்க முடியும்.

கூட வேலை செய்பவர் உங்களைப் பற்றி வேறொருவரிடம் புலம்பியது உங்களுக்கே வந்துவிட்டால்தான் சங்கடம். பார்க்காத மாதிரி இருப்பது நடக்காது, நீல டிக் காட்டிக்கொடுத்துவிடும். “இது எனக்கு வந்துவிட்டது” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், அன்றைக்கே விவாதம் வேண்டாம். அவர் உடனே அழித்தால் ‘என்ன அழித்தீர்கள்’ என்று கேட்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மூன்றாவது ஆளிடம் காட்டினால் அப்புறம் புலம்பியவர் பக்கம்தான் நியாயம் போகும்.

பழைய ஆளின் எண் உங்களிடம் வந்திருந்தால்

இந்தியாவில் ஒரு எண் துண்டிக்கப்பட்டால் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். 90 நாளில் பழைய ஆள் தன் எண் மாறியதை எல்லா இடத்திலும் சொல்லி முடித்திருப்பாரா? மாட்டார். புது சிம் வாங்கியவருக்கு அவருடைய வாழ்க்கை துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கும்: கடன் தவணை, எரிவாயு பதிவு, மின் கட்டணம்.

என் அம்மாவுக்கு வாங்கிய சிம்மில் ஒரு பள்ளியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. ‘உங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை.’ அம்மாவுக்கு எழுபத்தி இரண்டு வயது. சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பையன் உண்மையிலேயே காணாமல் போயிருந்தால், அவன் பெற்றோருக்குச் சொல்லியாகிவிட்டது என்று பள்ளி நினைத்துக்கொண்டிருக்கும். அதே இரண்டு டிக் கதைதான்.

நிறுவனங்களின் எஸ்.எம்.எஸ். பத்து இலக்க எண்ணிலிருந்து வராது, எழுத்துகளாலான ஒரு தலைப்பிலிருந்து வரும். திருப்பிப் பதில் போட்டால் போகாது. எனவே செய்தியில் எந்த நிறுவனம் என்று பார்த்துக்கொண்டு, அதன் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட வேண்டும். செய்தியில் உள்ள இணைப்பைத் தட்டாதீர்கள். கூப்பிட்டதும் “எந்த மாணவர், எந்த வகுப்பு?” என்பார்கள், வங்கி என்றால் கணக்கு எண் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். “இந்தக் கைபேசி எண் இப்போது என்னுடையது, உங்கள் பட்டியலில் எண்ணை வைத்துத் தேடி எடுத்துவிடுங்கள்” என்று சொல்லுங்கள். அதையே மின்னஞ்சலிலும் எழுதிப் போடுங்கள், யாரிடம் எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பழைய ஆளின் ஏதோ ஒரு கணக்கு இந்த எண்ணில் திறக்கும் என்று தெரிந்தால் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், ‘அவர் யாரென்று கண்டுபிடித்துச் சொல்லத்தான்’ என்றாலும். அவருக்கு வரவேண்டிய ஓ.டி.பி.யை வைத்து உள்ளே போனால் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் அடையாளத் திருட்டுக் குற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பள்ளிக்கு மூன்று முறை கூப்பிட்டேன். முதல் இரண்டு முறை ‘சொல்லிடறோம்’ என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவது முறை, “அந்தப் பையன் இன்னைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானான்னு மட்டும் பாருங்க மேடம், அவங்க அப்பா அம்மாவுக்கு உங்க மெசேஜ் எதுவும் போகல” என்றேன். எதிர்முனையில் ஒரு நிமிடம் பேச்சில்லை. “நம்பர் சொல்லுங்க சார்” என்றார்கள். அன்றோடு நின்றது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மறுபடி ஒன்று வந்தது. புது வகுப்புக்குப் பழைய பட்டியலையே ஏற்றியிருக்கிறார்கள். குறித்து வைத்திருந்த பெயரைத் தேடி எடுத்து மறுபடி கூப்பிட்டேன்.